எலேனுக்கு எழுதிய கடிதம்

"பத்து மாதம் எங்களுடன் இருந்தும், நாங்கள் உனக்கு அந்நியர்தானா?" பிரான்சில் கணவர் மார்க்கோடு சுரேகாவைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்த எலேன் லியோன் விமான நிலையத்தில் கேட்டது, மலேசியாவின் கிள்ளானுக்குத் திரும்பிய பிறகும் அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. அவள் எழுதிய பிரெஞ்சு நன்றிக் கடிதத்தை, கால் சென்டரில் பிரெஞ்சு பேசும் தோழன் ஐங்கரன் வாசித்தான்.

"'மதாம், மெஸ்யூ'வா? அம்மையாரே, ஐயாவேன்னு பேங்க்குக்கு எழுதுற மாதிரி இருக்கு லா."

"பெரியவங்கள எப்படிப் பேர் சொல்றது?"

"அவங்கதானே சொல்லச் சொன்னாங்க? 'நீங்க'ங்கிற 'வூ' மட்டும் இருக்கட்டும். ரெண்டு பேருக்கு எழுதுறே, அது பன்மை."

'அன்புள்ள எலேன், மார்க்' என்று தட்டினாள். தான் காய்ச்சலில் கிடந்தபோது எலேன் ஊட்டிய சூப்பைப் பற்றி எழுதி, 'உங்களை அணைத்துக்கொள்கிறேன்' என்று முடித்து மின்னஞ்சலில் அனுப்பினாள்.

மூன்று நாள் பதிலே இல்லை. நான்காம் நாள் குரல்பதிவு வந்தது. "மா ஷெரி, என் செல்லமே..." என்று தொடங்கிய எலேன் அழுதுவிட்டாள்.