அடுப்பில் போட்ட நம்பர்

என் மருமக ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் துணி மடிக்கிற வேலை பார்த்தாள். பக்கத்தில் ஒரு ஸ்கூலில் ஹாஸ்டல் வார்டன் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நேர்ல வரச் சொல்லும் கடிதம் ஈமெயிலில்தான் வரும், போன் பண்ணிக் கேட்க வேண்டாம் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய போன் தண்ணி டிரம்மில் விழுந்து செத்துப்போச்சு. சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுக்கிட்டாள். ஈமெயில் என் போனில் மட்டும் இருந்தது. எனக்கு டச் போன் வாங்கினப்போ, தனியா ஒரு ஈமெயில் எதுக்கு என்று அவளுடையதையே அதில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

கடிதம் வந்துச்சா என்று நாளைக்குப் பத்துத் தடவை என் போனை எடுப்பாள். எனக்குப் பிடிக்கலை. எஸ்டேட்டில் ஒரு கூட்டம் பொம்பளைகளை வேலை வாங்கினவ நான், என் சாமானை இன்னொருத்தர் தொட்டால் ஆகாது. ஞாயித்துக்கிழமை கோபத்தில், போனில் கோடு போட்டுத் திறக்கிற பூட்டை மாத்தினேன். மறுநாள் காலையில் அந்தக் கோடு எனக்கே மறந்துபோச்சு.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவள் வேலைக்குப் போன பின்னாடி எங்க ஊர் நாகலூரில் பஸ் ஏறி, ஏற்காட்டில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். எல்லாத்தையும் அழிச்சால்தான் திறக்கும், ஊட்டுல கேட்டுக்கிட்டு வாங்க என்றார் கடைக்காரர். என் போனுக்கு நான் யாரைக் கேட்கணும் என்றேன். அழிச்சார். போனுக்கு உயிர் வந்ததும், முன்னாடி இதில் இருந்த ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் போடு என்று நின்னுக்கிச்சு. அதைத் தாண்டி ஒரு அடி நகரலை.

சாயங்காலம் மருமகளிடம் நீட்டினேன். போட்டு வருசக்கணக்கான பாஸ்வேர்டு, அவளுக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து ஊட்டுப் போனை வாங்கி, பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று அழுத்தினாள். உங்க போனுக்குச் சேதி அனுப்பியிருக்கு, அதில் ஆமாம் என்று தொடுங்கள் என்று வந்தது. எந்தப் போன்? அதே பூட்டின போன். ஈமெயிலைத் திறக்க போன் வேணுமாம், போனைத் திறக்க ஈமெயில் வேணுமாம்.

இன்னொரு வழியும் இருந்தது. ஈமெயில் தொடங்கினப்போ கொடுத்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். வரும். அந்த நம்பர் என்னுடைய பழைய நம்பர். புதுசா கல்யாணமாகி வந்தவள், ஊட்டில் இருந்த ஒரே நம்பரைக் கொடுத்திருந்தாள்.

"அத்தை, அந்தப் பழைய சிம்மு இருக்குதுங்களா?" என்றாள்.

"பெட்டியில இருக்குது கண்ணு, தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.

இல்லை. போன வருசம் சந்தையில் புது சிம் வாங்கினப்பவே பழசை அடுப்பில் போட்டுட்டேன். தெரிஞ்சுதான் சொன்னேன். செவ்வாய், புதன் ரெண்டு நாளும் அவள் கண்ணு முன்னாடி பெட்டியைக் கவுத்துக் கவுத்துத் தேடினேன். அவளும் கூட உக்காந்து புடவைகளை உதறிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அவளே அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள். யாரோ ஒரு பொம்பளை எடுத்தாங்க. நம்பர் செத்துப்போய், கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் கொடுத்திருக்கான். மருமக விசயத்தைச் சொல்லி, இப்ப வரும் எண்ணைப் படிச்சுச் சொல்லுங்க என்று கேட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஓடிபி எல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுங்க. ஏமாத்துறவங்க இப்படித்தான் கேப்பாங்களாம்."

சரியாத்தான் சொன்னாங்க. வைக்கப்போனாங்க. நான் போனை வாங்கினேன்.

"ஏனுங்க, அது என்னோட நம்பருங்க. சிம்மை அடுப்புல போட்டவ நான்தான். போட்டுட்டு, மருமக கேட்டப்போ பெட்டியில இருக்குதுன்னு பொய் சொல்லிட்டேன். ரெண்டு நாளா சும்மா தேடிக்கிட்டு இருக்கிறேனுங்க."

மருமக என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"ஏமாத்துறவங்க இவ்வளவு கேவலமாத் தன்னைப் பத்திச் சொல்ல மாட்டாங்க. எங்க மாமியாருக்கு நீங்க அக்கா போல இருக்குது. எழுதிக்கச் சொல்லுங்க."

பக்கத்து ஊட்டுப் போனில் எண்ணைப் போட்டதும் புது பாஸ்வேர்டு கேட்டது. ஈமெயில் திறந்தது. கடிதம் திங்கக்கிழமையே வந்திருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேர்ல வரணும் என்று போட்டிருந்தது.

"நேத்து" என்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு நாங்கள் ரெண்டு பேரும் பெட்டி முன்னாடி உக்காந்திருந்தோம். நொம்ப நல்லா ஞாபகம் இருக்குது. என்கூட லீவு போட்டுத் தேடிக்கிட்டு இருந்தாள்.

நானும் வந்து ஸ்கூலில் சொல்றேன், தப்பு என் மேலதான் என்றேன். "நீங்க வர வேண்டாங்க அத்தை" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாப் போனாள். ஆள் எடுத்தாச்சு என்று அனுப்பிட்டாங்க. திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசி ஆறியிருப்பேன். திட்டலை. வந்து சோறு போட்டாள்.

சம்பளம் வந்ததும் புதுப் போன் வாங்கினாள். ஈமெயிலில் இருந்த என் பழைய நம்பரை மாத்த, கொட்டச்சேட்டில் இருக்கும் தன் தங்கச்சியைக் கூப்பிட்டு நம்பர் கேட்டாள். ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிப் போட்டுக்கிட்டாள். அவரைக்காய் உரிச்சுக்கிட்டு நான் பக்கத்திலேயேதான் உக்காந்திருந்தேன்.