பித்தளை முள்ளும் கறுப்பு முள்ளும்

என் வேலை என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. வேலூர் வானிலை நிலையத்தில் காலையும் மாலையும் பாதரசம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து மேலிடத்துக்கு அனுப்புகிறவள் நான். உடனே எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அப்போ நாளைக்கு மழ வருமா?" மழையைச் சொல்வது என் வேலையில்லை. சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

நம்பாதவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் காய வைக்கும் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. அங்கே ஒரு வெளிநாட்டு வியாபாரி அன்பளிப்பாகக் கொடுத்த வட்டமான பாரோமீட்டர் சுவரில் தொங்குகிறது. கடல் மட்டத்துக்கு ஏற்றபடி செய்த கருவி. ஆம்பூர் மேட்டில் இருக்கிறது. மேட்டில் காற்றின் அழுத்தம் இயல்பாகவே கம்மி. பின்பக்கத் திருகைத் திருப்பி ஊரின் உயரத்துக்குச் சரிசெய்யாமலே மாட்டிவிட்டார்கள். அதனால் சித்திரை வெயிலில் கூட அந்தக் கறுப்பு முள் 'புயல்' என்ற இடத்திலேயே நிற்கும். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அங்கே அவருக்குப் பெயரே 'செவுத்து முள்ளு'. என் வீட்டுக்காரர் தினமும் போனவுடன், கண்ணாடியின் நடுவில் உள்ள குமிழைத் திருகி, தானாக நகராத பித்தளை முள்ளைக் கறுப்பு முள்ளின் மேல் பொருத்தி வைப்பார். எதற்கென்று அவருக்கே தெரியாது. காலண்டர் தாள் கிழிக்கிற மாதிரி ஒரு பழக்கம்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் மகள் அரக்கோணத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மறைத்துக் கீழே இறங்கியிருக்கிறது, வலி வருமுன்பே வேலூருக்கு வந்துவிட வேண்டும், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டுதான் அறுவை செய்ய முடியும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்கு அழைத்துப் போங்கள் என்று சம்பந்தியம்மா முடிவு செய்திருந்தார். எனக்கும் ஞாயிறு முதல் விடுப்பு கிடைத்திருந்தது. அதற்காக எத்தனை பேரிடம் பல்லிளித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் இருந்தது. வடக்கே ஆந்திரா பக்கம் திரும்பிவிடும் என்றுதான் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நல்ல வெயில். நான் பாரோமீட்டர் அறைக்குள் போய், என் உடம்புச் சூடு கருவியில் படுவதற்கு முன் அதோடு ஒட்டியுள்ள வெப்பமானியை முதலில் பார்த்தேன். குழாயை விரலால் லேசாகத் தட்டினேன். பாதரசத்தின் மேல் விளிம்புக்கு அளவுச் சட்டத்தைக் கொண்டுவந்து படித்தேன். படித்ததை நம்பாமல் இன்னொரு முறை படித்தேன். பக்கத்தில் இருந்த டிஜிட்டல் கருவியும் அதையேதான் சொன்னது.

அழுத்தம் குறைவது அதிசயமில்லை. நம் பக்கத்தில் நாள்தோறும் முற்பகலில் ஏறி, சாயங்காலம் வரை இறங்கும். ராத்திரி மறுபடி ஏறி விடியற்காலையில் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் புயல் என்று கூவுகிறவர்கள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். நேற்று இதே நேரத்தில் எவ்வளவு, இன்று எவ்வளவு, அதைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐந்து மில்லிபார் குறைந்திருந்தது. அதுவும் ஏறுமுகமாக இருக்க வேண்டிய காலை நேரத்தில். நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடை குறைகிறது, எடை குறைந்த புயலின் நடுப்பகுதி நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். வடக்கே விலகிப் போகிற புயலுக்கு வேலூரில் இவ்வளவு இறங்காது.

அளவை அனுப்பினேன். வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

"ஏங்க, இன்னைக்கே போய் பொண்ண கூட்டிட்டு வந்துடுங்க."

"இன்னாம்மா வெளையாட்றியா? வெள்ளிக்கெழம பொண்ண அனுப்ப மாட்டாங்க. வெயிலு வேற கொளுத்துது, தோலெல்லாம் வெளிய போட்ருக்கேன்."

"பித்தள முள்ள இன்னைக்கு தொட்டீங்களா?"

"இப்பதான் உள்ள வர்றேன். இன்னும் இல்ல."

"தொடாதீங்க. நேத்து காலைல வெச்ச எடத்துலதான இருக்கு? கறுப்பு முள்ளு அதவிட்டு நகர்ந்திருக்கா பாருங்க. புயல்னு எழுதியிருக்கறத பாக்காதீங்க, ரெண்டு முள்ளுக்கும் நடுவுல எவ்ளோன்னு மட்டும் பாருங்க. மொதல்ல கண்ணாடிய லேசா தட்டிட்டு."

தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒரு வெரல் அகலம் எறங்கியிருக்கு," என்றார். "நானும் எவ்ளோ வருஷமா பாக்கறேன். ஒரு நூலுக்கு மேல நகர்ந்ததில்ல."

"எங்க கரையேறும்னு எனக்கு தெரியாது. கிட்ட வருதுன்னு மட்டும் தெரியுது."

"நீயும் வா. ரெண்டு பேருமா போலாம்."

நான் எப்படிப் போவது? இப்படி இறங்கினால் இனி மணிக்கு ஒரு முறை அளவு கேட்பார்கள். கூட வேலை செய்பவர் காய்ச்சலில் கிடந்தார். எந்தப் பாதரசம் என் மகளைக் கூட்டிவரச் சொன்னதோ, அதே பாதரசம்தான் என்னை அந்த அறையில் கட்டிப்போட்டது. அந்தக் கருவியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அவர் தோலையெல்லாம் உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டுக் கார் பிடித்துக் கிளம்பினார். சம்பந்தியம்மா வாசலிலேயே மறித்தாராம். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை அனுப்புவதா என்று கேட்டாராம். இவர் குரலை உயர்த்தாமல், "ஏரி வழிஞ்சா நல்ல நாளு வந்தும் ரோடு இருக்காது சம்பந்தி," என்றிருக்கிறார். அந்த அம்மாள், "அம்மா வூட்டுக்கு அனுப்பல, ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்," என்று சொல்லி மகளின் பையைத் தானே எடுத்துக் கொடுத்தாராம். மனசுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார், பாவம். சாயங்காலம் மகள் வேலூரில் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் அளவும் கடற்கரை நிலையங்களின் அளவுகளும் போகப் போக, அறிவிப்பும் மாறியது. புயல் நம் பக்கம்தான். மறுநாள் முழுக்க மணிக்கு மணி பாதரசம் இறங்கியது. இறங்கும் வேகமும் கூடியது. நனைந்த சேலையோடு மழைமானிக்கும் அறைக்குமாக நடந்தேன். பிஸ்கட்டும் ஆறிய டீயும்தான் சாப்பாடு. வடமேற்கிலிருந்து அடித்த காற்று தென்மேற்குக்குத் திரும்பிய பிறகுதான் பாதரசம் ஏற ஆரம்பித்தது. மையம் கடந்துவிட்டது. அப்போது வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. வலி திடீரென்று வந்து, அவசரமாக அறுவை செய்து, பெண் குழந்தை. ரத்தம் நிறையப் போயிருக்கிறது. தயாராக இருந்ததால் உடனே ஏற்றியிருக்கிறார்கள். காவேரிப்பாக்கம் பக்கம் சாலை தண்ணீருக்குள், அரக்கோணத்தில் ரயில் ஓடவில்லை என்றும் அதே போனில் சொன்னார். நான் அழுதேன். அழுதுகொண்டே அடுத்த அளவை எடுத்தேன்.

மாற்று ஆள் வந்து நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பளீரென்று வெயில். மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கற சொந்தமெல்லாம் வந்து பாத்துட்டு போய்ட்டாங்க. பெத்தவ நீதான் கடைசி. உனுக்கு அந்த குழாய்தான் முக்கியம்."

அவள் சொன்னதில் தப்பில்லை.

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளைப் பார்த்து, "அந்த குழாய உங்கம்மா பாத்ததாலதான் நீ இங்க வந்து சேர்ந்த," என்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். கால் வலி அப்போதுதான் தெரிந்தது.