செழியனின் வெள்ளிக்கிழமைப் பதிவுகள்

பாபநாசம், கும்பகோணம் வட்டாரத்து அரிசி ஆலைகளில் செழியனைத் தெரியாதவர்கள் இல்லை என்று சொன்னால் அது பொய். அவன் சட்டைப்பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைத்தான் அவர்களுக்குத் தெரியும். கலர் சார்ட்டர் மெஷின் மக்கர் பண்ணினால் கம்பெனிக்குப் போன் போகும், கம்பெனி செழியனை அனுப்பும். பைக்கில் வருவான், மெஷினைத் திறப்பான், சரிசெய்வான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். ஒன்பது வருஷம் அப்படிப் போயிற்று. கம்பெனி தஞ்சாவூர் கிளையை மூடியபோது ஒரு மில்காரர்கூட அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட அவர்களிடம் அவன் நம்பரே இல்லை.

கலர் சார்ட்டர் என்பது அரிசியைப் பார்த்துப் பிரிக்கும் மெஷின். சரிவில் வழிந்து விழும் ஒவ்வொரு அரிசியையும் கேமரா பார்க்கும். கறுத்தது, பழுப்பேறியது கண்ணில் பட்டால் ஒரு சின்ன வால்வு திறந்து, காற்றை ஊதி அதை ஓரமாகத் தள்ளிவிடும். எல்லாம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அந்த மெஷினின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று செழியன் சொல்லிவிடுவான். ஆனால் அது தனக்குத் தெரியும் என்று நாலு பேரிடம் சொல்ல அவனுக்கு வராது.

"வாரத்துக்கு ஒரு தடவை ஃபேஸ்புக்ல எழுதுடா" என்றான் சைபுல்லா. கும்பகோணத்தில் மில் சாமான் கடை வைத்திருப்பவன், செழியனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். "வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மறுநாளே போயிரும். இது அப்படியே கெடக்கும். எவனாவது தேடுறப்ப ஆப்டும்."

"என்னன்னு எழுதுறது? நான் பெரிய கில்லாடி, என்னைக் கூப்பிடுங்கன்னா?"

"யாருடா உன்னைப் பீத்திக்கச் சொன்னா? இன்னைக்கு என்ன கோளாறு பாத்தே, அது எதுனால வந்துச்சு, அத மட்டும் எழுது. படிக்கிறவனுக்கு உபயோகமா இருந்தா போதும். உன் பேரு கீழ இருக்கப் போவுது, அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' செழியனுக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அவன் அப்பா நல்லக்கண்ணு அந்தக் காலத்தில் வயல்வேலைக்குக் கூலி உயர்வு கேட்டவர்களில் ஒருவர். சங்கத்துச் சுவரில் யாரோ ஆர்வத்தில் அவர் பெயரையும் எழுதிவிட, அந்தப் போகம் முழுக்க எந்த மிராசுதாரும் தன் வயலில் அவரை இறங்க விடவில்லை. செழியன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. ஆனாலும் வீட்டில் பேச்சு ஒன்றுதான்: "நம்ம பேரு நாலு எடத்துல தெரிய வேணாம்யா. வேலையப் பாத்தமா, வந்தமான்னு இருக்கணும்." ஸ்கூலில் பதில் தெரிந்தாலும் செழியன் கை தூக்கியதில்லை.

முதல் பதிவை எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் தவிடு படிந்தால் மெஷின் நல்ல அரிசியையும் கறுப்பு என்று நினைத்துவிடும், காலையில் ஓட்டுவதற்கு முன்னால் உலர்ந்த துணியால் துடையுங்கள். இவ்வளவுதான் விஷயம். அவன் மனைவி கனிமொழி அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். படித்துப் பார்த்துவிட்டு, "புரியுதுங்க, போடுங்க" என்றாள். பொத்தானை அழுத்திவிட்டுப் போனைத் துண்டுக்கடியில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனான்.  'இவன் யாருடா நமக்குச் சொல்றதுக்கு' என்று எவனாவது எழுதியிருப்பான் என்றே நினைத்தான்.

யாரும் எதுவும் எழுதவில்லை. சைபுல்லா மட்டும் ஒரு லைக் போட்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் எழுதினான். அதற்கடுத்ததும். சைபுல்லா கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் மூலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மில்களில் வேலை கிடைத்தது. அதில் பார்த்ததை எழுதினான். கம்ப்ரெஸர் காற்றில் ஈரம் இருந்தால் வால்வு சுணங்கும். சுணங்கினால் கறுப்பு அரிசி தப்பிப் போகும், பின்னால் வரும் நல்ல அரிசி அடிபடும். கேமராவைக் குறை சொல்வதற்கு முன்னால் டாங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள், காற்றை உலர்த்தும் டிரையர் வேலை செய்கிறதா பாருங்கள் என்று ஒரு பதிவு. தான் எழுதியதிலேயே அதுதான் உருப்படியானது என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு ஒரு லைக்கும் விழவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயமாகத்தான் இருந்தது. பழகப் பழகப் பயம் போய்விடும் என்று சைபுல்லா சொல்லியிருந்தான். போகவில்லை.

பிறகுதான் வைத்தியலிங்கத்தின் போன் வந்தது.

வைத்தியலிங்கம் திருவையாறு பக்கம் மில் வைத்திருப்பவர். முந்தின வாரம் அவர் மெஷினைச் சரிசெய்துவிட்டு, ஒதுக்கிய அரிசி விழும் தட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். பொறுக்கித் தள்ளிய கறுப்பும் பழுப்பும் குவியலாகக் கிடந்தன. பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளில் மில்லின் பிராண்ட் பெயர் பளிச்சென்று தெரிந்ததை அவன் கவனிக்கவில்லை.

"யோவ், என் மில்லுக்குள்ள வந்து என் அரிசியையே நாறடிச்சிருக்கியே! மதுரை வியாபாரி படத்த எனக்கே அனுப்பி, இதான் ஒங்க சரக்கான்னு கேக்குறான். ஓனர்ங்க குரூப்புல ஒன் பேரப் போடுறேன். இனிமே எந்த மில்லு கேட்டுக்குள்ளயும் நீ நொழைய முடியாது."

செழியன், "சார்... சார்..." என்று ஆரம்பித்தான். லைன் துண்டானது. பதிவை அழித்தான். கணக்கையே மூடிவிடலாம் என்று போனான், விரல் ஓடவில்லை. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது செழியனுக்கு.

கனிமொழி வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டாள். "படத்துல இருக்கிறது அவங்க விக்கிற அரிசி இல்லயே. மெஷின் தள்ளுனது தானே?"

"ஆமா."

"அப்பறம் ஏன் அழிச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கீங்க? அழிச்சா அந்த வியாபாரிகிட்ட இருக்கிற படம் போயிருமா? நேர்ல போங்க."

மறுநாள் போனான். மில் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். நெல் லாரி ஒன்று உள்ளே நுழைய ஹாரன் அடித்ததால், வழிவிடுவதற்காக உள்ளே போனான்.

வைத்தியலிங்கம் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்களக் கேக்காம படம் எடுத்தது என் தப்பு சார். பேரு தெரியுதான்னு பாக்காம போட்டது அதவிடப் பெரிய தப்பு" என்றான் செழியன். "அந்த வியாபாரிகிட்ட நானே பேசுறேன் சார்."

"பேசுனா மட்டும் பத்துமா? எங்க போட்டியோ அங்கயே எழுது. எல்லாரும் படிக்கணும்."

அங்கேயே, அவர் முன்னாலேயே வியாபாரிக்குப் போன் போட்டான். படத்தில் இருப்பது மெஷின் வேண்டாமென்று தள்ளிய அரிசி, மூட்டைக்குப் போவது அதில்லை என்று சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வியாபாரி கடைசியில், "அப்ப நல்ல அரிசி விழுற பக்கத்துலேருந்து சாம்பிள் அனுப்பச் சொல்லுங்க, பாக்குறேன்" என்றார். வைத்தியலிங்கத்தின் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் "குரூப்புல போடல, போ" என்று மட்டும்தான் சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. வீட்டுக்கு வந்து எழுதினான். 'போன வாரம் ஒரு மில்லின் படத்தை அனுமதி கேட்காமல் போட்டேன். அது மெஷின் ஒதுக்கித் தள்ளிய அரிசி, அவர்கள் விற்கும் அரிசி இல்லை. தவறு என்னுடையது, அந்த மில்லுடையது அல்ல. இனிமேல் உரிமையாளரைக் கேட்காமல் எதையும் போடமாட்டேன்.' மில்லின் பெயரை மறுபடி எழுதினால் இன்னும் பரவும், பெயர் இல்லாமல் போடட்டுமா என்று வைத்தியலிங்கத்துக்குப் போன் செய்து கேட்டான். சரி என்றார். அவ்வளவையும் போட்ட பிறகு, டெல்டா முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப்பட்டது. ஆலைக்காரர்கள் சங்கத்தின் கூட்டம் நடக்கும் தெருவைத் தவிர்த்து வேறு வழியாகப் போனான்.

இரண்டு வெள்ளிக்கிழமை எழுதவில்லை. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு போன்களும் நின்றுபோயின. அது அந்தப் பதிவாலா, அறுவடை இன்னும் தொடங்காததாலா, தெரியாது. தெரியாததுதான் பெரிய வேதனையாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எழுதினான். தைரியம் வந்து எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் கடைசியாகப் போட்ட மன்னிப்பே பக்கத்தின் உச்சியில் நின்றது, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது வேலை முடிந்ததும் மில்காரரிடம் கேட்பான். அவர் வேண்டாமென்றால் படம் கிடையாது. சரியென்றால் வால்வை மட்டும் கிட்டப்போய் எடுப்பான். மூட்டை, சுவர், ஆள் எதுவும் தெரியாது. போடுவதற்கு முன்னால் அவருக்கே ஒருமுறை அனுப்பிக் காட்டுவான். சிலர் "என் மில்லு பேரையும் போடுய்யா" என்றார்கள். அது அவன் எதிர்பாராதது.

சம்பா அறுவடை தொடங்கிய நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"செழியன் சார்ங்களா? நான் சலாஹுதீன். நாகப்பட்டினம் பக்கத்துல மூணு மில்லுக்கு மேனேஜர். ஒங்க ஃபேஸ்புக்கப் பாத்துட்டுத்தான் பேசுறேன்."

செழியனுக்கு வைத்தியலிங்கத்தின் போன்தான் ஞாபகம் வந்தது. இவர்களுடைய எதையாவது போட்டுவிட்டோமா? நாகப்பட்டினம் பக்கம் போனதே இல்லையே. "சார், எந்தப் படம் சார்? சொல்லுங்க, ஒடனே எடுத்துடுறேன்" என்றான்.

"எதுக்குங்க எடுக்கணும்?" சலாஹுதீன் குழம்பினார். "காத்துல ஈரம் இருந்தா வால்வு சுணங்கும்னு எழுதியிருந்தீங்கள்ல, அதப் பத்தித்தான். எங்களுக்குக் கடல் பக்கம், ஈரம் சாஸ்தி. கேமராவ மாத்தணும்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க எழுதுனதப் படிச்சிட்டு டாங்கத் தொறந்தோம், ஒரு பக்கெட்டு தண்ணி. அன்னையிலேருந்து ஒங்க பக்கத்த வாராவாரம் படிக்கிறேன்."

"அதுக்கு நீங்க லைக்கு ஒண்ணும் போடலீங்களே சார்" என்று செழியன் வாய்தவறிக் கேட்டுவிட்டான்.

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லீங்க. படிப்பேன், அவ்ளோதான்." சிரித்தார். "மூணு மில்லு மெஷினையும் வருஷம் முழுக்கப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

செழியன் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் தப்பு பண்ணிட்டேன்னு ஒண்ணு எழுதியிருந்தேன். அதையும் பாத்தீங்களா சார்?"

"எது? ஞாபகம் இல்லீங்களே. அறுவடை நேரம், நாளைக்கே வர முடியுமா சொல்லுங்க."

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்ததும் அப்பாவிடம் சொன்னான். நல்லக்கண்ணு, "யாரு அவங்க? என்னத்தப் படிச்சாங்களாம்?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "பாத்து எழுதுய்யா" என்றார்.

வைத்தியலிங்கம் அவனை அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. வேறு ஆள் வைத்துக்கொண்டார். வழியில் பார்த்தால் செழியன்தான் முதலில் வணக்கம் சொல்வான், அவர் தலையசைப்பார். நாகப்பட்டினத்து மில்களில் அவன் வேலையைப் பார்த்து மன்னார்குடிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் சந்தேகம் மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

இப்போதும் வெள்ளிக்கிழமை எழுதுகிறான். எழுதி முடித்ததும் கனிமொழியிடம் காட்டுவான். படத்தின் நான்கு மூலையையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பான். பிறகும் கொஞ்ச நேரம் பொத்தானுக்கு மேலேயே விரல் நிற்கும்.

"என்னங்க, இன்னுமா?" என்பாள் அவள்.

"இரு, பயமா இருக்கு" என்பான். சொல்லிவிட்டு அழுத்துவான்.