நாங்கள் டிக் போட்ட நடை

வில்லியனூரில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஒரு கேள்விக்கு இயந்திரம் எழுதிய இரண்டு தமிழ்ப் பதில்கள் திரையில் வரும். எது மேல் என்று டிக் போட வேண்டும். அந்தத் தேர்வுகளிலிருந்து இன்னொரு இயந்திரம், மனிதருக்கு எது பிடிக்கும் என்று மதிப்பெண் போடக் கற்றுக்கொள்ளும். அந்த மதிப்பெண் கூடும்படி, பதில் எழுதுகிற இயந்திரத்தைத் திருத்திக்கொண்டே போவார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் பதிலைவிட, ஆறுதல் சொல்லிவிட்டுப் பிரித்துப் பிரித்து அடுக்கும் பதிலுக்கே பெரும்பாலும் எங்கள் டிக் விழும். நானும் அப்படித்தான் போட்டேன்.

பக்கத்து மேசைக்காரனோடு எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. மதியம் போனில் அவனிடமிருந்து செய்தி வந்தது.

“உன் உணர்வுகளை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். இது எளிதான முடிவு அல்ல” என்று தொடங்கியது. பிறகு கல்யாணம் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள், தலைப்போடு, ஒரே அளவில். எதிலும் என் மேல் தவறில்லை. அவன் மேலும் இல்லை. மேலும் பேச விரும்பினால் எப்போதும் இருக்கிறேன் என்று முடிந்தது.

இயந்திரம் எழுதியது என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க அதைத்தானே படிக்கிறேன்.

பாகூர் பக்கம் அவன் ஊர். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவன் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“இன்னா காரணம்னு நீயே சொல்லு” என்றேன்.

“அதான் அனுப்புனேன்ல.”

“அத நீ எழுதல.”

அவன் மறுக்கவில்லை.

“நான் எழுதுனா கொச்சையா இருக்கும். இப்டி இருந்தாத்தானே நீ டிக் போடுவ.”

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நிஜத்தைச் சொல்லு என்று மறுபடி கேட்டேன்.

“வேற ஒருத்திய நெனச்சிக்கினு இருக்கேன். ரெண்டு வருசமா.”

அந்த மூன்று காரணங்களில் இது இல்லை. அவன் இயந்திரத்திடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டான். எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். அவன்மேல் வந்த கோபத்தில் பாதி, டிக் போட்ட என் கைமேல் இருந்தது.

அந்த வாரமே அவன் வேலையை விட்டான். நான் விடவில்லை. ஒரு நாள் ஒரு கேள்வி வந்தது: தோழியின் ரகசியத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், அவள் பேசமாட்டேன் என்கிறாள், என் மேல் தப்பா? ஒரு பதில் கேட்டவரை மெச்சி, தேற்றி, ஐந்து யோசனை கொடுத்தது. இன்னொன்று, “ஆமாம், தப்புதான். போய் மன்னிப்புக் கேளுங்கள்” என்றது. இரண்டாவதற்கு டிக் போட்டேன்.

மேற்பார்வை பார்க்கும் அக்கா கூப்பிட்டார். அதே கேள்வியைப் பார்த்த மற்ற இருவரும் முதலாவதையே எடுத்திருக்கிறார்களாம். காரணம் சொன்னேன்.

“நீ சொல்றது சரியாகூட இருக்கும்மா. ஆனா அவங்க ரெண்டு பேரு, நீ ஒருத்தி” என்றார். மாற்றுகிறாயா என்று கேட்டார்.

மாட்டேன் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். திரையில் அடுத்த ஜோடி வந்து நின்றது.