விட்டும் ஓடுது

பெடலைத் திருடிக்கொண்டு போய்விட்டாளாம். நன்றாக இருக்கிறது கதை! தையல் மெஷின் முழுசாக மேஜைமேல் இருக்க, அதன் காலடியில் கிடக்கிற பெடலை மட்டும் வயரைச் சுற்றி எடுத்துப்போகிற திருடியை யாராவது கண்டதுண்டா? சொல்கிற வாய்தான் நிற்காது. கேட்கிற காதாவது கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அடுத்தது, தம்பி பெண்டாட்டியின் விரலை வேண்டுமென்றே தைத்தாள் என்பது. முதல் நாள் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இருவருக்கும் வாய்த்தகராறாம், மறுநாள் ஊசியை ஏற்றிவிட்டாளாம். ஜன்னலுக்காக விரலைத் தைப்பதென்றால் இந்தத் தெருவில் ஒருத்திக்கும் பத்து விரல் மிஞ்சாது.

அவளுக்குத் தெருவில் பெயர் ‘நேர்கோடு அக்கா’. கால்சட்டையின் கீழ்மடிப்பை அவள் தைத்தால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். சாக்குக்கட்டி இல்லை, குண்டூசி இல்லை; கண்ணும் காலும்தான். மோட்டார் மெஷினில் கைக்குத் துணியைத் திருப்புகிற வேலை மட்டும், தையலை நடத்துவது கால் என்பாள். கால் கொஞ்சம் அமுங்கினால் மெதுவாக, நன்றாக அமுங்கினால் வேகமாக. வளைவு வந்தால் பாதத்தை மயிரிழை அளவு தளர்த்துவாள். மெஷின் அவள் மனதைப் படித்த மாதிரி நடக்கும்.

புருஷன் போன பிறகு ஒரு பெட்டியோடு தம்பியிடம் வந்தவள். அப்போது தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் சலவைக் கடை, நீராவி இஸ்திரி. பின்னறையில் அவள் ஒரு மேஜையைப் போட்டு, கிழிந்தது, தளர்ந்தது, சிறுத்தது எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷம். நடுவில் தம்பி பெண்டாட்டி வந்தாள். வந்தவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. இவள்தான் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அதே மாதிரி இரண்டாவது மெஷின் வந்தது. எதிரெதிரே இரண்டு மெஷின். நாத்தனாரை அவள் அண்ணி என்றும், அவளை இவள் அம்மா என்றும் கூப்பிட்டுக்கொண்டு நாளைக் கழித்தார்கள். சண்டையும் உண்டு. சண்டை இல்லாத பின்னறை எங்கே இருக்கிறது?

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவளுடைய மெஷின் வம்பு செய்யத் தொடங்கியது. காலை வைத்தால் முதலில் சத்தம் மட்டும் வரும், ஊசி அசையாது. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் குதிரை மாதிரி பாயும். ஒரே அமுக்கில் காலை வைத்திருந்தாலும் வேகம் ஏறும், இறங்கும். மோட்டாருக்குள் நீலமாகப் பொறி பறக்கும், கருகின வாடை வரும். இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். அவளைப் பயமுறுத்தியது வேறு. மதியம் வரை தைத்துப் பெடல் சூடான பிறகு, காலை எடுத்தாலும் சில சமயம் மெஷின் நிற்கவில்லை. இரண்டு தையல், மூன்று தையல் தானாகப் போட்டது.

அன்று முன்னறையில் இஸ்திரி புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்று கத்தினாள்:

“டேய், என் மெஷின் காலை விட்டும் ஓடுதுடா! மெக்கானிக்கைக் கூப்பிடு!”

தம்பி கையில் ஏற்கெனவே போன். தலையை ஆட்டினான். “ஆமாண்ணே, அக்கா மெஷின்தான். விட்டு விட்டு ஓடுதாம்” என்று மெக்கானிக்கிடம் சொன்னான்.

விட்டும் ஓடுது, விட்டு விட்டு ஓடுது. முதலாவது, காலை எடுத்த பிறகும் ஓடுகிறது; இரண்டாவது, நின்று நின்று ஓடுகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான். ஒரு வீடு உடைய அது போதுமாக இருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்தபோது அவள் கண் டாக்டரிடம் போயிருந்தாள். மெக்கானிக் நல்ல மனுஷன், வேலை தெரிந்தவன். விட்டு விட்டு ஓடுகிறது, பொறி பறக்கிறது என்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்துகிற கார்பன் துண்டுகளைத்தான் பார்ப்பான். மோட்டாரின் இரண்டு பக்க மூடியையும் திருகி எடுத்தான். ஒரு கார்பன் விரல்நகம் அளவுக்குத் தேய்ந்து, ஸ்பிரிங் பல்லைக் காட்டியது. புது ஜோடி போட்டான், ஓட்டிப் பார்த்தான், பூப்போல ஓடியது. பெடல் அப்போது சில்லென்று இருந்தது. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். பொறி இல்லை, வாடை இல்லை, இழுவையும் கூடியிருக்கிறது. ஆனால் சாயங்காலம் மறுபடி பாய்ச்சல்.

“இன்னும் குதிக்குதுடா.”

தம்பி போன் போட்டுக் கேட்டு வந்தான். “புதுக் கார்பன் தேஞ்சு உக்கார நாலு நாள் ஆகுமாம்க்கா. பொறுத்துக்கயேன்.”

அதிலும் தப்பில்லை. புதுக் கார்பன் படிய நேரம் எடுக்கத்தான் செய்யும். அவளும் நம்பினாள்.

மூன்றாம் நாள். ஒரு தடித்த கோட்டின் காலர், நாலு மடிப்பு. மேட்டில் ஏறும்போது நூல் அறுந்தது, ஊசி துணிக்குள்ளேயே சிக்கி நின்றது. அவள் காலை எடுத்துத் தரையில் வைத்தாள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தரையில் வைத்தாள். கண் மங்கலாக இருந்ததால் வழக்கம்போல, “நூல் கோத்துக் குடும்மா” என்றாள். தம்பி பெண்டாட்டி எழுந்து வந்து குனிந்தாள். இடது விரல் ஊசிப் பக்கத்தில். வலது கை, ஊசியைத் தூக்குவதற்காகச் சக்கரத்தைத் திருப்பியது. காலை எடுத்த பிறகும் மோட்டார் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. இஸ்திரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சக்கரம் அசைந்து ஊசி மடிப்பிலிருந்து விடுபட்டதோ இல்லையோ, மெஷின் படபடவென்று ஓடிவிட்டது.

அக்கா பெடலை உதைத்துத் தள்ளினாள், நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. அதற்குள் நகத்தின் வழியே ஊசி இறங்கி உள்ளே ஒடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தம்பி கேட்டான். “அக்கா, உன் கால் எங்க இருந்துச்சு?”

“தரையில.”

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தவள் சிரித்தாள், சிரிப்பா அது? “அப்ப பேய் வந்து மிதிச்சுதா அண்ணி? ஜன்னலைத் திறக்க வேணாம்னு சொன்னதுக்கு இவ்ளோ பெரிய தண்டனையா?”

“சத்தியமா என் கால் பெடல்ல இல்லம்மா.”

“மெஷின்தான் இப்ப ரிப்பேர் பண்ணியாச்சே. மெஷின் சரின்னா வேற எது தப்பு? நீங்களே சொல்லுங்க.”

அன்று முதல் அக்கா மெஷினில் உட்காரக் கூடாது என்று ஆயிற்று. பட்டன் தைத்தாள், கொக்கி தைத்தாள். எட்டு நாள். துணி வாங்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, “பாவம், கால் நடுங்குதாமே” என்றார்கள். சிலர் இன்னும் மோசமாகச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம் கோணாத கால் அது. ராத்திரி படுக்கையில் அவளே பாதத்தை நீட்டிப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். ஒருவேளை வைத்திருந்தேனோ? தெரியாமல் பட்டிருக்குமோ? மற்றவர்கள் சந்தேகப்பட்டதைவிட, தன் காலைத் தானே சந்தேகப்பட்டதுதான் அவளை உருக்கியது.

கடை விடுமுறை அன்று வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அவள் பின்னறைக்குப் போய், இரண்டு பெடலையும் கழற்றி மாற்றிச் சொருகினாள். தன் மெஷினுக்குத் தம்பி பெண்டாட்டியின் பெடல், அவள் மெஷினுக்குத் தன்னுடையது. முதலில் தன் மெஷினில் பழைய துணியில் ஒரு மணி நேரம் தைத்தாள். சொன்னபடி கேட்டது, ஒரு துள்ளல் இல்லை. பிறகு எதிர் மெஷினில் உட்கார்ந்து, மெதுவாகவே தைத்தாள். பெடல் சூடாக வேண்டுமே. முக்கால் மணி நேரத்தில் உள்ளங்காலில் சூடு தெரிந்தது. இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டாள்.

மெஷின் ஓடியது. யாரும் தொடாமல், துணியைத் தின்றுகொண்டே ஓடியது.

அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள். கெட்டது தன் கால் இல்லை.

மறுநாள் காலை அவளே மெக்கானிக்கை வரவழைத்தாள். தம்பி பெண்டாட்டி கட்டு மாற்றப் போயிருந்தாள். மெக்கானிக் அந்தப் பெடலின் அடித்தகட்டைத் திறந்தான். உள்ளே பஞ்சும் தூசியும். மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற தொடுமுனைகள் கறுத்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டப் பார்த்தபடி இருந்தன.

“அய்யோ அக்கா! கார்பன் தேஞ்சா மெஷின் சோம்பேறி ஆகும், திக்கும், நிக்கும். காலை எடுத்தப்புறம் ஓடவே ஓடாது. விட்டும் ஓடுனா அது பெடல்தான். இதை ஏன் எங்கிட்ட முதல்லயே சொல்லல?”

“சொன்னேனே! விட்டும் ஓடுதுன்னுதானே சொன்னேன்.”

மெக்கானிக் தம்பியைப் பார்த்தான். “நீங்க விட்டு விட்டு ஓடுதுன்னு இல்ல சொன்னீங்க? அதான் நான் பெடலைத் திறக்கவே இல்ல. நானும் திறந்து பாத்திருக்கணும், எம்மேலயும் தப்பு இருக்கு.” பெடலை மூடினான். “இதைக் குப்பையில போடுங்க. வேற வாங்கிக்கங்க.”

அவன் போன பிறகு தம்பி நெடுநேரம் இஸ்திரி மேஜையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“அக்கா, இதை அவகிட்ட சொல்லாத. என்னாலதான் விரல் போச்சுன்னு தெரிஞ்சா என்னோட இருக்க மாட்டா.”

“அப்ப என்னாலன்னு இருக்கட்டுமா?”

“நீ அக்கா. உன்னை எப்படியும் மன்னிச்சிருவா.”

சிறுவயதில் அவன் உடைத்த தட்டுக்கெல்லாம் முதுகைக் காட்டியவள் அவள்தான். அந்த வழக்கத்தில் கேட்கிறான் என்று நினைத்தாள். சாயங்காலம் வரை பொறுத்துப் பார்ப்போம், அவனாகவே வாயைத் திறப்பான் என்று இருந்தாள்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி கேட்டாள். “மெக்கானிக் வந்தாராமே, என்ன சொன்னார்?”

“மெஷின்ல ஒண்ணும் இல்லையாம்” என்றான் தம்பி.

பொய்யும் இல்லை பாருங்கள். மெஷினில் ஒன்றும் இல்லைதான். தம்பி பெண்டாட்டி நாத்தனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு அவன் என்ன செய்தான் தெரியுமா? அந்தப் பெடலை ஊதித் துடைத்து, மறுபடியும் அக்கா மெஷினிலேயே சொருகி மேஜைக்கு அடியில் வைத்தான். “இப்போதைக்கு ஓடட்டும்” என்றான். குப்பைக் கூடையில் கிடந்தால் பெண்டாட்டி ஏன் என்று கேட்பாளே என்ற பயம்.

அவள் போன கதை இவ்வளவுதான். மறுநாள் காலை கடை திறந்ததும், வந்தபோது கொண்டுவந்த பெட்டியை எடுத்தாள். மேஜைக்கு அடியில் முழங்காலிட்டுப் பெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். தன் காலைக் காட்டிக்கொடுத்த சாமான்மேல் ஆசையா? நாளைக்குத் தம்பி பெண்டாட்டி குனிந்தால், அவளுடைய அடுத்த விரலும் அந்த ஊசிக்கடியில் இருக்கும். தம்பி சொல்லமாட்டான், சொல்லக் கூடாது என்று இவளுக்கும் வாயைக் கட்டிவிட்டான். மிச்சமிருந்த வழி அதை எடுத்துப்போவது ஒன்றுதான்.

“எங்க அண்ணி, பெட்டியோட?”

“போறேம்மா.”

போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. கட்டுப்போட்ட அந்தக் கையை ஒரு தடவை தொட்டாள், அவள் இழுத்துக்கொண்டாள். தம்பி இஸ்திரியின் ஆவியைத் திறந்துவிட்டு, அந்தப் புகைக்குப் பின்னால் நின்றான். அவள் அவனைத் தாண்டி வாசலுக்கு வந்து படி இறங்கினாள். பைக்கு வெளியே ஒரு முழம் கறுப்பு வயர் தொங்கி, அவள் அடிக்கு அடி தரையில் இழுபட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள்.