ஒரே படத்தில் இரண்டு ஊறுகாய்

எங்கள் மகளிர் குழுவுக்கு இணையத்தில் ஒரு கடை இருந்தது. மலைமேல் இருக்கும் நாங்கள் பச்சை மிளகு ஊறுகாயும் சாமை முறுக்கும் போடுவோம். அடிவாரத்து முஸ்லிம் பெண்கள் துணிப்பை தைப்பார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திதான் பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சல் பார்த்து, மலைமேல் எங்கள் சோளக்காடு ஊர் டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு ஆர்டர் சொல்வாள்.

ஒருநாள் போன் வரவில்லை. அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் அச்செடுத்த கடிதம். குழுக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிப் படித்தாள். முதல் தடவை வந்த ஊறுகாய் பிரமாதம், இரண்டாவது வந்தது வேறு ஏதோ, முதலில் வந்ததே வேண்டும், வீட்டு விசேஷத்துக்கு நிறைய வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார்.

முதலாவது, பக்கத்து வீட்டு அக்கா போட்டது. எலுமிச்சைச் சாறும் உப்பும் மட்டும். இரண்டாவது என்னுடையது. பூண்டும் வெந்தயமும் சேர்த்து நல்லெண்ணெயில் தாளித்தது.

"வெப்சைட்ல ஊறுகாய்க்கு ஒரு படந்தானுங்க இருக்குது. இனி எல்லாரும் அந்த அக்கா பக்குவத்துலயே போட்டுருங்க" என்றார் குழுத் தலைவி.

எனக்குச் சுருக்கென்றது. என் ஊறுகாய்க்கு என்ன கேடு? ஊரில் கேட்டு வாங்கித் தின்றவர்கள்தானே எல்லாரும்!

"அவிய ஊறுகாய நானும் போடறனுங்க, வேண்டாங்கல. ஆனா என்னுது வேற ஊறுகாய். அதுக்கு வேற படம் வேணும்" என்றேன். யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்த விசேஷ ஆர்டருக்கு அக்கா வீட்டு அடுப்படியில் எல்லாரும் உட்கார்ந்து மிளகு ஆய்ந்தோம். அக்கா சொன்ன அளவிலேயே உப்புப் போட்டேன். பூண்டுப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

பார்சல் போன மறுநாள், என் ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மூடியை அமுக்கிப் பிடித்திருந்தேன். ஆர்டர் சொல்லும் அந்தத் தையல்காரத் தங்கச்சி என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்க வைத்தாள். பிரவுசிங் சென்டர்காரர் அதை ஸ்கேன் செய்தார்.

"ரெண்டும் மிளகு ஊறுகாய்தானேம்மா?" என்று அவர் இழுத்தார்.

"தின்னு பாருங்க" என்று பாட்டிலைத் திறந்தேன்.

தின்று பார்த்தார். பிறகு படத்துக்குக் கீழே 'பூண்டு மிளகு ஊறுகாய்' என்று தட்டினார்.

வாரங்கள் போயின. அக்காவின் ஊறுகாய்க்கு ஆர்டர்மேல் ஆர்டர். எல்லாரோடும் உட்கார்ந்து அதையே போட்டேன். பொறாமையாகத்தான் இருந்தது. என் ஊறுகாய்ப் படத்தை மட்டும் வெப்சைட்டிலிருந்து நீக்க விடவில்லை.

அப்புறம் பூத்துக்காரர் ஆள்விட்டுக் கூப்பிட்டார். போனில் தங்கச்சி. "அக்கா, மதுரையிலருந்து ஒரு ஆர்டருங்க. ஒரே பாட்டில்தான்."

"எது?"

"பூண்டு போட்டது."

ரிசீவரை வைத்துவிட்டு, பூண்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.