ஜம்புநாதனின் மூன்றாவது விளக்கு

ஜம்புநாதனை யாராவது நல்லவன் என்று சொன்னால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அவன் நல்லவன்தான், அதுதான் சங்கடமே.

வங்காளத்தில் கார்டன் ரீச் பக்கம் ஒரு கருவித் தொழிற்சாலையில் ஏழு வருடம் எங்களுக்கு அடுத்தடுத்த மேஜை. கும்பகோணத்துக்காரன். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனம், மனைவி ராஜம், இரண்டு பெண்கள். வங்காள மொழியில் வேடிக்கையாகப் பேசுவான். வாசல் காவலாளி முதல் மேலாளர் சென் வரை எல்லோருக்கும் அவன் ‘ஜொம்பு-தா’, அதாவது ஜம்பு அண்ணன். என்னை யாரும் எந்தத் தாவும் போட்டுக் கூப்பிட்டதில்லை.

1978இல் தேயிலைக் கிடங்குகளுக்கு ஒரு எண்ணும் கருவி வேண்டுமென்று கேட்டார்கள். பெட்டி ஒன்று ஒளிக்கற்றையின் குறுக்கே போனால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மாதிரி செய்ய வேண்டும். காட்டுவதற்கு நான்கு சிறிய விளக்குகள்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. எரிகிறவற்றைக் கூட்டினால் எண்ணிக்கை. யாருடையது தேறுகிறதோ அவருக்குப் புதுப் பிரிவின் தலைமை. எனக்கு அந்தப் பதவி வேண்டும். அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிட அதிகமாக வேண்டும்.

ஒவ்வொரு விளக்கையும் மாற்றி மாற்றி எரித்து அணைக்க ஒரு ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும். ஸ்டோரில் ஜேகே ஃபிளிப்-ஃபிளாப் சில்லுகள் மூன்றே இருந்தன, சில்லுக்கு இரண்டு வீதம். ஜம்பு காலையிலேயே வந்து மூன்றையும் எடுத்துப் போயிருந்தான். எனக்கு லாட்ச் சில்லுதான் கிடைத்தது. அதிலும் டி என்று ஒரு கால் இருக்கிறதே, இருப்பதற்கு எதிரானதைத் தரும் தலைகீழ் வெளியீட்டை அந்த டிக்குத் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் மாறிவிடும் என்று நினைத்தேன். பெட்டிக்குப் பதில் அட்டையைக் குறுக்கே பிடித்தேன். முதல் விளக்கு எரியவும் இல்லை, அணையவும் இல்லை, மங்கலாக நின்றது. அட்டையை எடுத்தால் ஒரு தடவை எரிந்தது, அடுத்த தடவையும் எரிந்தது, பிறகு அணைந்தது.

ஜம்பு எட்டிப் பார்த்தான்.

“இது லாட்ச்சுப்பா. அட்டை மறைச்சிருக்கிற வரைக்கும் கதவு திறந்தே கிடக்கும். வெளிய வந்தது உள்ள போகும், மாறும், மறுபடி உள்ள போகும். லட்சம் தடவை மாறியிருக்கும். அட்டைய எடுக்கறச்சே எது இருந்ததோ அதுவே நின்னுடும்.”

“உன்கிட்ட இருக்கிறது மட்டும் என்ன பெரிசா செய்யுது?”

“இது சிக்னல் இறங்குற அந்த ஒரு கணம்தான் பாக்கும். ஜே, கே ரெண்டு கால்லயும் வோல்டேஜ் மேல இருந்தா அப்ப ஒரே ஒரு தடவை மாறும். ரெண்டும் கீழ இருந்தா அப்படியே இருக்கும். நீ அட்டைய அரை மணி பிடிச்சாலும் ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டுத் தன் மூன்று சில்லுகளில் இரண்டை என் மேஜையில் வைத்தான். மூன்றாவதை வைத்துத் தன் முதல் இரண்டு விளக்குகளைச் சமாளித்தான். மற்ற இரண்டுக்கும் பழைய பலகையிலிருந்து பெயர்த்த டி ஃபிளிப்-ஃபிளாப் சில்லைப் போட்டான். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல நாக்கு வரவில்லை. அடித்திருந்தால்கூட அத்தனை கோபம் வந்திருக்காது.

என் கருவி ஒழுங்காக எண்ணியது. அவனுடையதும் எண்ணியது. அவன் போட்ட டி சில்லு சிக்னல் ஏறும்போது மாறுவது. அதனால் இரண்டாம் விளக்குக்கான ஃபிளிப்-ஃபிளாப்பின் நேர் வெளியீட்டை விட்டு, தலைகீழ் வெளியீட்டிலிருந்து மூன்றாவதற்குக் கம்பி கொடுத்திருந்தான். நேர் வெளியீடு இறங்கும்போது தலைகீழ் ஏறும் அல்லவா. எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த இரண்டு முனைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கம்பியைப் பிடுங்கி நேர் வெளியீட்டில் சொருகினேன்.

மூன்று மணிக்கு சென் வந்தார். என்னுடையது பதினைந்து வரை தப்பில்லாமல் எண்ணியது. ஜம்பு அட்டையைக் குறுக்கே விட்டான். ஒன்று. மறுபடி விட்டான். இரண்டாவது விளக்கோடு மூன்றாவதும் எரிந்து ஆறு என்றது.

ஜம்பு கம்பியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அரை நிமிடத்தில் கம்பியை மாற்றிச் சொருகி, “என் தப்பு சார், அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன்” என்று சென்னிடம் வங்காள மொழியில் சொன்னான். அதன்பிறகு அதுவும் பதினைந்து வரை எண்ணியது. ஆனால் சென் ஏற்கெனவே தாளில் அவனுடையது தேறவில்லை என்று எழுதிவிட்டிருந்தார்.

பதவி எனக்கு வந்தது. பதினொரு வருடம் அவன் எனக்குக் கீழே வேலை பார்த்தான். ஒருநாளாவது கேட்பான், இல்லையென்று சாதிக்கலாம் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. அவன் ஓய்வு பெற்ற அன்று நானே தாங்காமல், “அந்தக் கம்பி…” என்று ஆரம்பித்தேன்.

“எந்தக் கம்பி?” என்றான்.

நிஜமாகவே மறந்திருந்தான். நான் மறக்கவில்லை. அதற்கும் அவன்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.